12 வோல்ட் மின்கலமும் 5 வோல்ட் பலகையும்: தோட்டத்து மழைமானிக்கு ஏற்ற சீராக்கி எது?

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் மழைக் கணக்கு வெறும் வானிலைச் செய்தி அன்று. காலையில் ரப்பர் மரப்பட்டை ஈரமாக இருந்தால் அன்று பால்வெட்டு நின்றுவிடும். செம்பனைக்கு உரம் போட்ட மறுநாளே கனமழை கொட்டினால் உரத்தில் ஒரு பகுதி கால்வாயோடு போய்விடும். ஆகவே, தோட்ட அலுவலகங்களில் மழைமானியை அளந்து புத்தகத்தில் குறித்து வைப்பது நெடுநாள் வழக்கம். அந்தக் கணக்கைத் தானே எழுதிக்கொள்ளும் ஒரு சிறு பெட்டியைப் பற்றியதுதான் இக்கட்டுரை. மழையை அளக்கும் முறையை நான் இங்கே விளக்கப் போவதில்லை. அப்பெட்டிக்கு மின்சாரம் ஊட்டும் முறையையும், மின்கலத்தைத் தலைகீழாக இணைத்தால் அது தப்பிக்கும் வழியையும் மட்டும் பார்ப்போம்.

பகாவ் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில், பொறியியல் மாணவர் சிலர் இத்தகைய பெட்டி ஒன்றை நிறுவியிருந்தனர். உள்ளே ஓர் அர்டுயினோ ஊனோ பலகை, பதிவு அட்டை, அலுவலகத்திற்குச் செய்தி அனுப்பும் சிறிய லோரா வானொலி ஆகியவை இருந்தன. வெளியே மழைநீர் நிறைந்ததும் கவிழும் சிறு வாளியும், ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் ஒருமுறை மூடித் திறக்கும் காந்த நாணல் சுவிட்சும் இருந்தன. மின்சாரத்திற்கு 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி ஈயஅமில மின்கலமும், அதனை ஊட்டும் சூரியத் தகடும் மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவியும். எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால், கிராணியின் புத்தகத்திற்கும் பெட்டியின் பதிவிற்கும் அடிக்கடி பொருத்தம் இல்லை. பிற்பகல் மழை பெய்த நாள்களில் பெட்டி எப்போதும் குறைவாகவே காட்டியது. என்னைப் பார்க்கச் சொன்னார்கள்.

பதிவைத் திறந்தவுடன் ஓர் ஒழுங்கு தெரிந்தது. நண்பகல் 12 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில் பதிவுகள் விட்டுவிட்டு இருந்தன. இரவிலும் காலையிலும் ஓர் ஓட்டையும் இல்லை. நிரலில் பிழை இருந்தால் அது கடிகாரம் பார்த்து வராது. வெயில் நேரத்தில் மட்டும் வரும் கோளாறு என்றால், முதலில் ஐயப்பட வேண்டியது வெப்பத்தை.

1. நேரியல் சீராக்கி: மிச்சத்தை வெப்பமாக்கும் கருவி

ஊனோ பலகையின் மின் துளையில் 12 வோல்ட்டைச் செருகினால், பலகையிலுள்ள தட்டையான சிறு சில்லு ஒன்று அதனை 5 வோல்ட்டாகக் குறைக்கிறது. அதுவே நேரியல் சீராக்கி. கடைகளில் மூன்று கால்களுடன் கிடைக்கும் 7805 என்பதும் இதே இனம்தான்.

இதன் வேலை முறை எளிது. உள்ளே ஒரு டிரான்சிஸ்டர், தன்னைத் தானே திருகிக்கொள்ளும் மின்தடையைப் போல நிற்கிறது. வெளியீடு 5 வோல்ட்டைத் தாண்டினால் இறுக்குகிறது, குறைந்தால் தளர்த்துகிறது. மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டமும் பலகைக்குப் போகும் மின்னோட்டமும் ஏறத்தாழ ஒன்றே. மின்னழுத்தம் மட்டுமே குறைகிறது. குறைந்த பகுதி எங்கும் சேமிக்கப்படுவதில்லை. அது முழுவதும் அச்சில்லிலேயே வெப்பமாகிறது. எவ்வளவு வெப்பம் என்பதைக் கீழ்க்காணும் சமன்பாடு தரும்.

P = (Vin − Vout) × I

இப்போது பெட்டியின் எண்களை இதில் இடுவோம். பலகை, அட்டை, வானொலி மூன்றும் சேர்ந்து சராசரியாக 120 மில்லி ஆம்பியர் எடுத்தன. மின்கலத்தின் பெயர் 12 வோல்ட் என்றாலும் அது ஒருபோதும் 12இல் நிலைத்திருப்பதில்லை. இரவில் 12.6 வோல்ட் அளவில் இருக்கும். நல்ல வெயிலில் சூரியத் தகடு மின்னேற்றும்போது 14.4 வோல்ட் வரை ஏறும். ஊனோவின் மின் துளைக்குப் பின் ஒரு டையோடு இருப்பதால் அதில் சுமார் 0.7 வோல்ட் போய்விடும்.

இரவில் சீராக்கியின் மேல் விழுவது 12.6 − 0.7 − 5 = 6.9 வோல்ட். அதனை 0.12 ஆம்பியரால் பெருக்கினால் 0.83 வாட். நண்பகலில் விழுவது 14.4 − 0.7 − 5 = 8.7 வோல்ட். வெப்பம் 1.04 வாட்.

ஒரு வாட் என்பது சிறிய எண்தான். ஆனால் அந்தச் சில்லோ நம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதன் கீழுள்ள செம்புப் பரப்பு குறைவாக இருந்தால், ஒவ்வொரு வாட்டுக்கும் அதன் உள்வெப்பநிலை 100 முதல் 160 டிகிரி வரை உயரும். நடுவில் 120 என்று வைத்துக்கொள்வோம். இரவில் 0.83 வாட்டுக்கு 100 டிகிரி உயர்வு. பெட்டிக்குள் 30 டிகிரி, மொத்தம் 130. நண்பகலில் 1.04 வாட்டுக்கு 125 டிகிரி உயர்வு. வெயிலில் நிற்கும் மூடிய பெட்டிக்குள் 50 டிகிரி, மொத்தம் 175.

இத்தகைய சில்லுகள் 150 டிகிரி வரை வேலை செய்வதற்கென வடிவமைக்கப்பட்டவை. அதற்கும் மேலே 170ஐ ஒட்டிச் சென்றால் அவை தம்மைக் காத்துக்கொள்ள வெளியீட்டை மூடிவிடும். பலகை அணையும். சற்று ஆறியதும் மீண்டும் திறக்கும். பலகை முதலிலிருந்து தொடங்கும். பதிவில் கண்ட ஓட்டைகளுக்குக் காரணம் இதுவே. மேலும் ஒன்றைக் கவனியுங்கள்: மின்கலம் அதிகம் ஏறியிருக்கும் வேளையும் பெட்டி அதிகம் கொதிக்கும் வேளையும் ஒன்றே. இரண்டையும் கொண்டுவருவது அதே வெயில்தான். ஆய்வுக்கூட மேசையில், குளிர்சாதன அறையில், 12 வோல்ட் கொடுத்துச் சோதித்தபோது கோளாறு தெரியாமல் போனது இதனால்தான். பிற்பகல் மழை தொடங்கும்போது பெட்டி இன்னும் சூடாகவே இருக்கும். முதல் கால் மணி நேரக் கவிழ்ப்புகள் எண்ணப்படாமல் போகும்.

இதை உறுதிப்படுத்தப் பெரிய கருவி தேவையில்லை. நண்பகலில் பெட்டியைத் திறந்து, 5 வோல்ட் முனையில் மல்டிமீட்டரை வைத்துக் காத்திருந்தேன். எண் 5இலிருந்து திடீரென விழுந்து, சில நொடிகளில் மீண்டும் எழுந்தது. மின்கல முனையில் அப்போதும் 14 வோல்ட்டுக்குக் குறையவில்லை. உள்ளே வருவது சரியாக இருந்து, வெளியே போவது விழுந்தால், குற்றவாளி நடுவில் இருப்பவரே.

2. சுவிட்சிங் சீராக்கி: பாதி நேரம் திறந்து பாதி நேரம் மூடுவது

சுவிட்சிங் சீராக்கி மின்னழுத்தத்தைத் தேய்த்துக் குறைப்பதில்லை, நறுக்கிக் குறைக்கிறது. உள்ளேயுள்ள டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்திருக்கும் அல்லது முழுதாக மூடியிருக்கும். திறந்திருக்கும்போது அதன்மேல் மின்னழுத்தம் மிகக் குறைவு. மூடியிருக்கும்போது மின்னோட்டம் இல்லை. இரண்டு நிலையிலும் வெப்பம் சிறிதே. இந்தத் துண்டுகளைத் தூண்டுச்சுருளும் மின்தேக்கியும் சேர்த்துச் சமனாக்குகின்றன. திறந்திருக்கும் நேரத்தின் விகிதமே வெளியீட்டைத் தீர்மானிக்கிறது.

Vout = D × Vin

12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் வேண்டுமானால் D ஏறத்தாழ 0.42. அதாவது 100 பங்கு நேரத்தில் 42 பங்கு திறந்திருக்கும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் எல்.எம். 2596 என்னும் சில்லு இந்தத் திறப்பு மூடலை நொடிக்கு ஒன்றரை இலட்சம் முறை செய்கிறது.

இதில் நமக்குக் கிடைக்கும் இலாபம் வெப்பம் குறைவது மட்டுமன்று. பலகைக்கு வேண்டியது 5 வோல்ட்டில் 0.12 ஆம்பியர், அதாவது 0.6 வாட். சீராக்கியின் திறன் 85 விழுக்காடு என்றால், மின்கலம் தர வேண்டியது 0.71 வாட். 12 வோல்ட்டில் அது 59 மில்லி ஆம்பியர் மட்டுமே. நேரியல் சீராக்கியோ பலகையின் 120 மில்லி ஆம்பியரையும், தன் சொந்தச் செலவுக்கு இன்னொரு 5ஐயும் சேர்த்து 125 எடுத்தது.

7 ஆம்பியர் மணி மின்கலத்தை முழுதும் வடித்தால் அதன் ஆயுள் குறையும். பாதியோடு நிறுத்துவது நல்லது. கையிலிருப்பது 3.5 ஆம்பியர் மணி. 125 மில்லி ஆம்பியரில் அது 28 மணி நேரம் தாங்கும். 59 மில்லி ஆம்பியரில் 59 மணி நேரம் தாங்கும். முதலாவதில் ஒரு நாள் முழுதும் வானம் மூடியிருந்தாலே ஆபத்து. இரண்டாவதில் இரண்டு நாள்கள் சமாளிக்கலாம். மழையை அளக்கும் பெட்டி மழைக்காலத்தில் உறங்கிவிடக் கூடாது அல்லவா?

மாணவர்கள் மறுவாரமே எல்.எம். 2596 கொண்ட சிறு தொகுதி ஒன்றைப் பொருத்தினர். நண்பகல் ஓட்டைகள் மறைந்தன.

இங்கே இரு எச்சரிக்கைகள். ஒன்று, இத்தொகுதிகளில் வெளியீட்டைத் திருகாணியால் அமைக்க வேண்டும். கடையிலிருந்து வரும்போது அது எந்த நிலையிலும் இருக்கலாம். பலகையை இணைப்பதற்கு முன் மல்டிமீட்டரை வைத்து 5 வோல்ட்டுக்குத் திருகிக்கொள்ள வேண்டும். மற்றொன்று, நறுக்கிச் சேர்த்த மின்சாரத்தில் சிறு அலை எஞ்சியிருக்கும். வாளி கவிழ்வதை எண்ணும் மழைமானிக்கு அதனால் தீங்கில்லை. ஆனால், அதே பெட்டியில் கால்வாய் நீர்மட்டத்தை மின்னழுத்தமாகத் தரும் உணரி இருந்தால் கவனம் தேவை. ஊனோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி சுமார் 4.9 மில்லி வோல்ட். 50 மில்லி வோல்ட் அலை இருந்தால் அளவு பத்துப் படி ஆடும். இரண்டு மீட்டர் ஆழத்தை முழு அளவாகக் கொண்ட உணரியில் அது 2 செண்டிமீட்டர் ஆகும். பல அளவுகளை எடுத்துச் சராசரி காண்பது இதற்கு எளிய மருந்து.

3. பலகை உறங்கும்போது கணக்கு மாறுகிறது

இதுவரை படித்தவர்கள், சுவிட்சிங் சீராக்கியே எப்போதும் சிக்கனம் என்று முடிவு கட்டியிருப்பார்கள். அது சரியன்று.

மழை நாள் முழுதும் பெய்வதில்லை. பலகை எதற்கு நாள் முழுதும் விழித்திருக்க வேண்டும்? ஊனோவை விட்டுவிட்டு, அதிலுள்ள நுண்கட்டுப்படுத்திச் சில்லை மட்டும் தனிப்பலகையில் வைத்தால் அது ஆழ்ந்து உறங்க முடியும். வாளி கவிழ்ந்தால் நாணல் சுவிட்ச் அதை எழுப்பும். எண்ணிவிட்டு மீண்டும் உறங்கும். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை ஆறு நொடிகள் விழித்து, 80 மில்லி ஆம்பியர் எடுத்து, செய்தி அனுப்பும். 600 நொடிகளில் 6 நொடி என்றால் நூற்றில் ஒரு பங்கு, சராசரி 0.8 மில்லி ஆம்பியர். மற்றச் சில்லறைச் செலவுகளைச் சேர்த்து 1 மில்லி ஆம்பியர் என்று கொள்வோம்.

இப்போது எல்.எம். 2596 என்ன செய்கிறது? பலகை ஒன்றும் எடுக்காவிட்டாலும், அச்சில்லு தன்னை இயக்கிக்கொள்ளவே 5 மில்லி ஆம்பியர் அளவில் எடுக்கிறது. பலகைக்காக மின்கலத்திலிருந்து எடுப்பது அரை மில்லி ஆம்பியர், மொத்தம் 5.5. அதாவது பத்தில் ஒன்பது பங்கு காவல்காரனின் சம்பளம். தொகுதியில் ஒரு சிறு விளக்கு எரிந்தால் அதன் செலவு வேறு. 7805ஐப் போட்டாலும் இதே கதைதான். அதுவும் 5 மில்லி ஆம்பியர் தின்னும்.

ஆனால், எல்.பி. 2950 என்றொரு நேரியல் சீராக்கி இருக்கிறது. அதன் சொந்தச் செலவு 0.075 மில்லி ஆம்பியர் மட்டுமே. 30 வோல்ட் வரை தாங்கும். 100 மில்லி ஆம்பியர் வரை தரும். இதில் மொத்தச் செலவு 1.1 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். 3.5 ஆம்பியர் மணியை வைத்துக் கணக்கிட்டால், எல்.எம். 2596 சுமார் 26 நாள் தாங்கும். எல்.பி. 2950 நான்கு மாதத்திற்கும் மேல் தாங்கும். வெப்பமோ நூறில் ஒரு வாட் கூட இல்லை.

எனவே, நேரியலா சுவிட்சிங்கா என்று கேட்பதற்கு முன், பலகை சராசரியாக எவ்வளவு எடுக்கிறது என்று கேட்க வேண்டும். நூறு மில்லி ஆம்பியர் தொடர்ந்து வேண்டுமானால் சுவிட்சிங். ஓரிரு மில்லி ஆம்பியர் மட்டுமே என்றால் சொந்தச் செலவு குறைந்த நேரியல். அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் உச்ச உள்ளீட்டைப் பார்க்கத் தவறாதீர்கள். பலர் விரும்பும் எம்.சி.பி. 1702 இன்னும் சிக்கனமானது, ஆனால் 13.2 வோல்ட் வரைதான் தாங்கும். மேசையில் 12 வோல்ட்டில் ஒழுங்காக ஓடும் அது, தோட்டத்தில் முதல் வெயிலில் 14.4 வோல்ட்டைச் சந்திக்கும்.

4. மின்கலம் தலைகீழானால்

சுவிட்சிங் தொகுதி பொருத்திச் சில வாரங்களில் பெட்டி மறுபடியும் நின்றது. இம்முறை ஓட்டை நண்பகலில் அன்று. ஒரு மாலையோடு பதிவே முடிந்திருந்தது. தொகுதியின் உள்ளீட்டு மின்தேக்கி வெடித்து மூடி பிளந்திருந்தது. பழைய மின்கலம் தளர்ந்ததால் தோட்டத்துத் தொழிலாளர் ஒருவர் பொழுது சாயும் நேரத்தில் புதியதை மாற்றியிருந்தார். பழையதில் நேர்முனை வலப்பக்கம், புதியதில் இடப்பக்கம். இரு முனைகளின் தகடுகளும் ஒரே அகலம். கம்பிகளை இருந்த பக்கத்திலேயே செருகியிருந்தார். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தவறாகச் செருக முடிகிற எதுவும் என்றாவது ஒருநாள் தவறாகவே செருகப்படும்.

முன்பு இது நடந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஊனோவின் மின் துளைக்குப் பின்னாலுள்ள டையோடு தலைகீழ் மின்னோட்டத்தைத் தடுத்திருக்கும். ஆனால், அந்தக் காவல் மின் துளைக்கு மட்டுமே. `VIN` என்று எழுதிய ஊசி அந்த டையோடுக்குப் பின்னால் இருக்கிறது. `5V` ஊசி சீராக்கிக்கும் பின்னால் இருக்கிறது. இவற்றின் வழியே மின்சாரம் கொடுத்தால் காவல் இல்லை. ஆகவே, காவலை நாமே வைக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, நேர்க்கம்பியில் தொடராக ஒரு டையோடு. 1என்5819 என்னும் ஷாட்கி டையோடு நம் அளவு மின்னோட்டத்தில் சுமார் 0.3 வோல்ட்டை மட்டுமே எடுத்துக்கொள்ளும். 40 வோல்ட் வரை தலைகீழ் அழுத்தத்தைத் தாங்கும். 59 மில்லி ஆம்பியரில் இழப்பு 0.02 வாட்டுக்கும் குறைவு. 12 வோல்ட்டிலிருந்து 5க்கு இறங்கும் நமக்கு அந்த 0.3 வோல்ட் ஒரு பொருட்டே அன்று. மின்கலம் தலைகீழானால் பெட்டி வேலை செய்யாது; அவ்வளவுதான். சரியாக மாற்றிச் செருகினால் உடனே உயிர் பெறும்.

இரண்டாவது, தொடராக ஓர் உருகியும், அதன்பின் இரு கம்பிகளுக்கும் குறுக்கே தலைகீழாக ஒரு டையோடும். தவறாகச் செருகினால் டையோடு குறுக்குச் சுற்றாகி உருகியை உடைக்கும். சாதாரண வேளையில் இழப்பே இல்லை. ஆனால், உடைந்த உருகியை மாற்ற யாராவது காட்டுக்குள் போக வேண்டும்.

மூன்றாவது, பி வகை மாஸ்ஃபெட். மின்கலத்தின் நேர்முனை டிரெயின் காலுக்கு, பலகையின் நேர்முனை சோர்ஸ் காலுக்கு, கேட் கால் ஒரு மின்தடை வழியே தரைமுனைக்கு. இழப்பு சில மில்லி வோல்ட்தான். வழக்கமான சுவிட்சில் மின்சாரம் சோர்ஸ் வழியே நுழையும். இங்கே டிரெயின் வழியே நுழைய வேண்டும். பழக்கத்தில் மாற்றிப் போட்டால் சுற்று வேலை செய்வதுபோலவே தோன்றும். ஆனால் உள்ளேயுள்ள டையோடு தலைகீழ் மின்னோட்டத்தை அப்படியே விட்டுவிடும். மின்கலத்தின் இடத்தில், மின்னோட்ட வரம்புள்ள சோதனை மின்வழங்கியைத் தலைகீழாக இணைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் போகும் கருவிகளுக்கே இந்த வழி அவசியம். நம் பெட்டிக்கு முதல் வழியே போதும், அதையே பொருத்தினோம்.

டையோடை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மின்கலத்திற்கும் மின்னேற்றக் கருவிக்கும் இடையில் வைத்தால், மின்னேற்றும் மின்னோட்டம் எதிர்த்திசையில் வர வேண்டியிருப்பதால் அது தடைபடும். மின்கலம் ஏறவே ஏறாது. ஆகவே, கருவியிலிருந்து பலகைக்குப் போகும் கம்பியில்தான் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் பலகை காக்கப்படும். மின்னேற்றக் கருவி காக்கப்படாது. அதற்குத் தன் காவல் உண்டா என்று குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். மின்கலக் கம்பியில் ஓர் உருகியும், ஒரே வழியில் மட்டும் நுழையும் செருகியும் வைப்பது அந்த மீதியைச் சரிசெய்யும். செருகியின் ஒரு பாதியை ஒவ்வொரு புதிய மின்கலத்திற்கும் அலுவலகத்திலேயே, நல்ல வெளிச்சத்தில், மல்டிமீட்டரால் முனை பார்த்துப் பொருத்தி அனுப்பிவிட்டால், காட்டில் மாற்றுபவர் முனை தேட வேண்டிய தேவையே இல்லை.

இத்தகைய பெட்டி ஒன்றை அமைக்கப் போகும் நம் மாணவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் சோதனை மூன்றே. பலகையின் சராசரி மின்னோட்டத்தை அளந்து, அதன்பின் சீராக்கியைத் தேர்ந்தெடுங்கள். 12 வோல்ட்டில் அன்றி 14.4 வோல்ட்டில், பெட்டியை மூடி வெயிலில் வைத்து, ஒரு பிற்பகல் முழுதும் ஓட்டிப் பாருங்கள். கடைசியாக, வரம்பை 100 மில்லி ஆம்பியரில் வைத்த மின்வழங்கியை நீங்களே தலைகீழாக இணைத்து, மின்னோட்டம் சுழியாக நிற்கிறதா என்று பாருங்கள். மூன்றிலும் தேறிய பெட்டியைத் தோட்டத்தில் நிறுவலாம். அதன் கணக்கைக் கிராணியின் புத்தகத்தோடு ஒரு மாதம் ஒப்பிட்ட பிறகு நம்பலாம்.